பட்டியலில் ஏறாத கைப்பிடி

சான்றிதழைக் கான்ட்ராக்டரே டைப் செய்து கொண்டுவந்துவிட்டார். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு சின்னப் பெருக்கல் குறி வேறு.

“உங்களுக்கு எதுக்கு மேடம் வீண் சிரமம்? ரெண்டே பக்கம். படிச்சுப் பார்த்துட்டு ஒரு கையெழுத்து. அவ்வளவுதான்” என்று சிரித்தார். எதற்கும் சிரிப்பவர் என்பதால் வேலையிடத்தில் எல்லோரும் அவரைச் சிரிப்புக்காரர் என்றே சொல்வார்கள். கம்பி விலை ஏறினாலும் சிரிப்பார், மழையில் சிமெண்ட் மூட்டை நனைந்தாலும் சிரிப்பார். அந்தச் சிரிப்புக்கு எதிரில் உட்கார்ந்து ‘இல்லை’ என்று சொல்வது லேசான காரியமல்ல.

தகரக் கொட்டகைக்குள் மின்விசிறி கடகடத்துக்கொண்டிருந்தது. ப்ளைவுட் பலகையை இரண்டு பெட்டிகளின் மேல் போட்டு மேசையாக்கியிருந்தார்கள். அவள் காகிதம் பறக்காமலிருக்க ஒரு துண்டு டைல்ஸைத் தூக்கி வைத்துவிட்டுப் படிக்க ஆரம்பித்தாள்.

வெளியே நின்ற இரண்டு மாடிக் கட்டடத்தை வரைந்த ஆர்க்கிடெக்ட் அவள்தான். பார்வையற்ற குழந்தைகள் தங்கிப் படிக்கும் பள்ளி. கீழே வகுப்பறைகள், மேலே தங்கும் அறைகள். கட்டடத்தின் சொந்தக்காரர்கள் ஓர் அறக்கட்டளை, கட்டியவர் சிரிப்புக்காரர். ஆனால் வேலை முடிந்ததா இல்லையா என்பதைச் சொல்லும் பொறுப்பை ஒப்பந்தம் அந்த இருவரிடமும் கொடுக்கவில்லை. அவளிடம் கொடுத்திருந்தது. நடைமுறை நிறைவுச் சான்றிதழ் என்று அதற்குப் பெயர். கட்டடம் எந்த உபயோகத்துக்காகக் கட்டப்பட்டதோ அந்த உபயோகத்துக்குத் தயார், பாக்கியிருப்பவை அந்த உபயோகத்துக்கு இடைஞ்சல் செய்யாத சில்லறை வேலைகள் மட்டுமே என்று அவள் எழுதிக் கையெழுத்திட்டால், அன்றோடு தாமதத்துக்கான ஈட்டுத்தொகை நிற்கும். பிடித்து வைத்த பணத்தில் பாதி கான்ட்ராக்டர் கைக்குப் போகும். கட்டடத்தின் பொறுப்பும் காப்பீடும் சொந்தக்காரர் தலையில் ஏறும். குறைதிருத்தக் காலம் ஓடத் தொடங்கும். ஒரு கையெழுத்தில் இத்தனையும் இடம் மாறும் என்பதால்தான் சிரிப்புக்காரர் பென்சில் குறி வரைக்கும் போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

சான்றிதழோடு இணைத்திருந்த பாக்கி வேலைப் பட்டியல் ஒழுங்காகத்தான் இருந்தது. சாப்பாட்டு அறை ஜன்னல் கொக்கிகள் இரண்டு. மொட்டைமாடி மழைநீர்க் குழாய் வாயில் வலைமூடி. மாடி நடைபாதையில் பெயிண்ட் தொட்டுவிடுவது. தோட்டத்துக் குழாய். கடைசி வரிக்கு வந்ததும் அவள் விரல் நின்றது.

‘முதன்மைப் படிக்கட்டு, கைப்பிடிக் கம்பி, சிறு பகுதி நிலுவை.’

அதற்குக் கீழே ஒரு பத்தி: ‘மேற்கண்ட சிறு வேலைகள் கூடிய விரைவில் முடித்துத் தரப்படும். இவை தவிர வேறு குறைகள் ஏதும் இல்லை.’

“இந்தச் சிறு பகுதி எவ்வளவு சிறுசு?” என்று கேட்டாள்.

“அட, கொஞ்சம்தான் மேடம். பட்டறைக்காரன் வளைவைத் தப்பா வளைச்சுட்டான். திருப்பி அனுப்பியிருக்கு. வந்ததும் மாட்டிடுவோம்.”

“வாங்க, பார்த்துட்டு வருவோம்.”

போய்ப் பார்த்தார்கள். கீழிருந்து ஏறும் படிகளில் இரண்டு பக்கமும் கம்பி பளபளவென்று இருந்தது. நடுவில் படி திரும்பும் தளத்துக்கு வந்ததும் இரண்டும் அறுந்து நின்றன. அதற்கு மேலே வலப்பக்கம் மட்டும் கம்பி. இடப்பக்கச் சுவரில் கம்பியே இல்லை, பிடிப்பான்களுக்குத் துளைத்த ஓட்டைகள் மட்டும் வரிசையாக இருந்தன.

“பாதிப் படிக்கட்டுக்குக் கைப்பிடியைக் காணோம், சிறு பகுதின்னு எழுதியிருக்கீங்க” என்றாள் அவள்.

“ஒரு பக்கம் இருக்குல்ல மேடம்? நம்ம வீட்டுலல்லாம் ரெண்டு பக்கமுமா கம்பி வெச்சிருக்கோம்?”

“நம்ம வீடு இல்லையே இது.”

மறுநாள் கூட்டு ஆய்வு. அறக்கட்டளையின் செயலாளர் இஸ்திரி கலையாத சட்டையோடு வந்தார். அவரோடு தலைமையாசிரியை. பிறவியிலேயே பார்வையில்லாதவர், ஐம்பது வயதைத் தாண்டியவர், குரலாலேயே ஒரு வகுப்பை உட்கார வைத்துவிடக்கூடியவர். வெள்ளைக் கோலை மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு, விரல் நுனிகளால் சுவர்களை அறிமுகம் செய்துகொண்டே வந்தார். கீழ்த்தளம் அவருக்குப் பிடித்துவிட்டது. கதவுகள் சுவரோடு ஒட்டித் திறந்தன. தூண்களுக்குக் கூர்முனை இல்லை. ஒவ்வோர் அறை வாசலிலும் கை எட்டும் உயரத்தில் பிரெயில் பெயர்ப்பலகை.

ஒரு பலகையில் விரலை ஓட்டியவர் நின்றார். மறுபடி ஓட்டினார். பிறகு உரக்கச் சிரித்தார்.

“கான்ட்ராக்டர் சார், இது என்ன ரூம்?”

“கழிப்பறை டீச்சர். கதவுக்கு மேலே பெருசா எழுதியிருக்கே.”

“எழுத்துல அப்படி இருக்கலாம். புள்ளியில ‘நூலகம்’னு இருக்கு. எங்க பிள்ளைங்க புத்தகத்தைத் தூக்கிட்டு இங்கே வந்து உட்காரப் போறாங்க.”

சிரிப்புக்காரரே முந்திக்கொண்டு சிரித்தார். ஒரு ஆள் திருப்புளியோடு ஓடிவந்து கழிப்பறை, நூலகம் இரண்டின் பிரெயில் பலகைகளையும் கழற்றி இடம் மாற்றினான். தலைமையாசிரியை தொட்டுப் பார்த்துத் தலையாட்டினார். பட்டியலுக்குப் போகாமல் அங்கேயே தீர்ந்த வேலை அது ஒன்றுதான்.

படிக்கட்டுக்கு வந்ததும் அவள் விஷயத்தைச் சொன்னாள். தலைமையாசிரியை ஏற ஆரம்பித்தார். தளத்தில் கம்பி விட்டுப்போன இடத்தில் ஒரு கணம் கை காற்றில் துழாவியது. உடனே சுவரைப் பிடித்துக்கொண்டு மளமளவென்று மேலே போய்விட்டார்.

“வந்துட்டேன். பார்த்தீங்கல்ல?” என்று மேலிருந்து குரல் வந்தது. “இதுக்காகவா சான்றிதழை நிறுத்துவீங்க?”

“நீங்க ஏறிட்டீங்க டீச்சர். சான்றிதழ் உங்களுக்கு மட்டும் இல்லையே.”

செயலாளர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். “மேடம், நிலைமை உங்களுக்குத் தெரியும். பழைய கட்டடத்தை மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணணும். வீட்டுக்காரர் ஒரு நாள்கூடத் தள்ள மாட்டேங்கிறார். சொந்தக்காரங்க நாங்க. நாங்களே பரவாயில்லைங்கிறோம். கான்ட்ராக்டரும் சரிங்கிறார். நடுவுல உங்களுக்கு என்ன?”

“நடுவுல இருக்கத்தான் சார் என்னை வெச்சிருக்கீங்க. ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டா சிறு வேலை ஆயிடாது. இந்தப் படிக்கட்டு இல்லாம மாடியை உபயோகிக்க முடியாது. கைப்பிடி இல்லாம இந்தப் படிக்கட்டை இந்தப் பிள்ளைங்க உபயோகிக்க முடியாது. முடியும்னு நான் எழுதினா அது பொய்.”

“தற்காலிகமா ஒரு மரக் கட்டையை அடிச்சு விட்டுடறேன் மேடம்” என்றார் சிரிப்புக்காரர்.

“தற்காலிகம்னு அடிச்ச கட்டை எத்தனை கட்டடத்துல பத்து வருஷமா இருக்குன்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.”

தலைமையாசிரியை கீழே இறங்கி வந்துவிட்டிருந்தார். அவர் முகம் மாறியிருந்தது. “ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. கண்ணு தெரியறவங்க எல்லாரும் கடைசியில இங்கேதான் வந்து நிக்கறீங்க. பாவம், விழுந்துடுவாங்க, பொத்தி வைக்கணும். நாங்க விழுந்து எழுந்துதான் வளர்ந்தோம். உங்க இரக்கத்துக்காக எங்க பிள்ளைங்க தெருவுல நிக்க முடியாது.”

அவளுக்குச் சுருக்கென்றது. செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி, “அறக்கட்டளை அடுத்ததா ஒரு தொழிற்பயிற்சிக் கூடம் கட்டப்போகுது, தெரியும்ல? ஒத்துழைக்கிறவங்களாப் பார்த்துத்தான் கொடுப்போம்” என்று சொல்லிவிட்டுக் காரை நோக்கி நடந்தார்.

அவள் கணவன் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவன். எந்தத் தாளைப் பார்த்தாலும் சட்டைப்பையிலிருந்து சிவப்புப் பேனா தானாக வெளியே வந்துவிடும். அன்றிரவு சாப்பாட்டு மேசையில் கிடந்த கான்ட்ராக்டரின் வரைவை எடுத்துப் படித்தான்.

“எழுத்துப்பிழை எதுவும் இல்ல. ஆனா ‘கூடிய விரைவில்’னு ஒரு வார்த்தை இருக்கு பாரு, அது வார்த்தையே இல்ல. ஒரு பெருமூச்சு.”

“நீங்க சமையலறைக் குழாய்க்குச் சொன்னீங்களே, அதே பெருமூச்சா?”

“அந்தக் கேஸ் இன்னும் விசாரணையில இருக்கு” என்று அவன் தட்டைப் பார்த்துக்கொண்டான்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. “இரக்கம்னு சொல்லிட்டாங்க. அதுதான் உறுத்துது. ஒருவேளை அப்படித்தானோன்னு தோணுது.”

“அப்படியா?”

அவள் யோசித்தாள். கட்டடத்தின் முதல் வரைபடத்தைப் பள்ளிக்கு எடுத்துக்கொண்டு போன நாள் நினைவுக்கு வந்தது. அதில் படிக்கட்டுக்கு ஒரே பக்கம்தான் கைப்பிடி, பார்க்க மெலிதாக, அழகாக. கண்ணால் பார்ப்பவளின் அழகு. தலைமையாசிரியைதான் ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு பக்கமும் வேண்டும், எங்கும் விட்டுப்போகக்கூடாது, மாடி வந்ததும் விரலுக்குத் தெரியும்படி கம்பியில் மேடு இருக்க வேண்டும் என்று மேசையைத் தட்டித் தட்டிச் சொன்னார். ஏறுகிறவர் ஒரு பக்கம், இறங்குகிறவர் ஒரு பக்கம். அப்போதுதான் ஒருவரையொருவர் முட்டிக்கொள்ளாமல், யார் கையையும் பிடிக்காமல், அவரவர் வேகத்தில் போகலாம்.

“இல்ல” என்றாள் அவள். “இரக்கம் இல்ல.” சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டு ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மறுப்பது மட்டும் போதாது. பிள்ளைகளுக்கு இருக்க இடம் வேண்டுமே. பகுதியாக ஒப்படைப்பது பற்றி ஒரு விதி இருந்தது. அதை இரண்டு தடவை படித்தாள்.

காலையில் பழைய பள்ளிக்குப் போனாள். குறுகலான வாடகைக் கட்டடம். நடைபாதை முழுக்கக் கட்டிவைத்த மூட்டைகள், அட்டைப்பெட்டிகள். தலைமையாசிரியை ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்து பிரெயில் புத்தகங்களை வகைபிரித்துக்கொண்டிருந்தார்.

“நான்தான் டீச்சர்.”

“செருப்புச் சத்தத்துலயே தெரியுது. உட்காருங்க. உட்கார இடமிருந்தா.”

அவள் நின்றபடியே சொன்னாள். “நேத்து நீங்க சொன்னதுக்கு என்கிட்ட பதில் இல்ல. இப்ப இருக்கு. ரெண்டு பக்கக் கைப்பிடியை நான் இரக்கப்பட்டுப் போடல. நான் போட்டது ஒரு பக்கம்தான். மேசையைத் தட்டி ரெண்டாக்கினது நீங்க. யார் கையையும் பிடிக்காம பிள்ளைங்க ஓடணும்னீங்க. நீங்க கேட்டு வாங்கினது அங்கே இல்ல டீச்சர். இல்லாததை ‘சின்ன விஷயம்’னு என்னை எழுதச் சொல்றீங்க. எழுதிட்டேன்னா, அது அவ்வளவு முக்கியமில்லைன்னு நீங்களும் ஒத்துக்கிட்டதா ஆகும். அப்புறம் கான்ட்ராக்டர் எப்ப வந்து மாட்டுவார்? ‘கூடிய விரைவில்’.”

தலைமையாசிரியை கையிலிருந்த புத்தகத்தைக் கீழே வைத்தார்.

“மேசையைத் தட்டினேனா?”

“டீ கொட்டிச்சு.”

“ஆமா, கொட்டிச்சு.” அவர் மெல்லச் சிரித்தார். பிறகு, “புதுசா ஒன்பது குழந்தைங்க சேர்றாங்க. வீட்டைவிட்டு வெளியே தங்கினதே இல்ல. அதுல பாதிப் பேர் படிக்கட்டுன்னாலே அம்மா இடுப்புலதான் ஏறியிருக்கும்” என்றார், தனக்குத்தானே சொல்வதுபோல. “சரி. என்னதான் வழி? மூட்டையெல்லாம் கட்டியாச்சு.”

“கீழ்த்தளம் முழுசா முடிஞ்சிருக்கு. அதுக்குத் தனி வாசல், அவசர வழி எல்லாம் இருக்கு. கீழ்த்தளத்தை மட்டும் முதல்ல நீங்க எடுத்துக்கலாம். ஒப்பந்தத்துல இடமிருக்கு. அந்தப் பகுதி அன்னைக்கே நிறைவடைஞ்சதா ஆயிடும். அதுக்குக் காப்பீடு நீங்க பார்த்துக்கணும். மாடி அவர் பொறுப்புலயே இருக்கும். ஆனா ரெண்டு விஷயம். கான்ட்ராக்டர் சம்மதிக்கணும். அப்புறம், மாடி இல்லாம பிள்ளைங்க எங்கே படுக்கும்னு நீங்க சொல்லணும்.”

“நூலகத்துல படுக்கும். கூட்ட அறையில படுக்கும். புத்தகப் பெட்டி இப்பப் பிரிக்க வேண்டாம், அவ்வளவுதானே?” தலைமையாசிரியை எழுந்து நின்றுவிட்டார். கையோடு போனை எடுத்துச் செயலாளரைக் கூப்பிட்டார். மறுமுனையில் எழுந்த ஆட்சேபங்களையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். கடைசியில் சொன்னார்: “சார், பிள்ளைங்க விழுந்தா போன் எனக்குத்தான் வரும். உங்களுக்கு இல்ல. கையெழுத்துப் போடுங்க.”

சிரிப்புக்காரர்தான் பிடிகொடுக்கவில்லை. முதல் தடவையாக அவர் சிரிக்காமல் பேசுவதை அவள் கேட்டாள்.

“முடியாது மேடம். எனக்கு முழுச் சான்றிதழ் வேணும். கீழே குழந்தைங்க, மேலே என் ஆளுங்க வெல்டிங். ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா யார் தலை உருளும்? என் தலை.”

அது நியாயமான பயம். அவள் அதைத் தள்ளிவிடவில்லை. “அப்ப அதை எழுதுவோம். படிக்கட்டு ஆரம்பிக்கிற இடத்துல தடுப்புச் சுவர், பூட்டுப் போட்ட கதவு. சாவி உங்க என்ஜினியர்கிட்ட மட்டும். உங்க ஆளுங்க பின்பக்க அவசரப் படியில ஏறட்டும், பள்ளி வாசல் பக்கமே வர வேண்டாம். பள்ளியிலிருந்து ஒரு குழந்தையும் உங்க பக்கம் வராது. இன்னொண்ணும் யோசிங்க. கீழ்த்தளத்தை ஒப்படைச்சா அதோட மதிப்புக்கு ஏத்த மாதிரி தாமதத் தொகையும் குறையும். ஒப்பந்தத்துலயே இருக்கு. சம்மதிக்கலைன்னா முழுசும் ஓடிக்கிட்டே இருக்கும்.”

“நீங்க கையெழுத்துப் போட்டா எல்லாமே நின்னுடுமே!”

“கைப்பிடியை மாட்டுங்க, போடறேன். அதுக்கு முன்னாடி யார் வந்து கேட்டாலும் போடமாட்டேன்.”

“எங்க வீட்டம்மாவும் இப்படித்தான்” என்றார் அவர். “சேலைக் கடையில ஒருதடவை ‘வேணாம்’னு சொல்லிட்டா, கடைக்காரன் கடையையே எழுதி வெச்சாலும் வாங்க மாட்டா.” சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார்.

அதற்கப்புறம் அவர் வேறு ஆளாகிவிட்டார். மாடி முடியாமல் மீதிப் பணம் வராது என்று ஆனபின் பட்டறைக்காரனை நம்பி உட்கார்ந்திருக்க அவர் தயாராக இல்லை. வளைவு ஏன் தப்பாயிற்று என்று பார்த்தார்கள். பட்டறையில் வரைபடத்தின் கோணத்தை வைத்து வளைத்திருந்தார்கள்; சுவரிலோ பூச்சு கனமாக விழுந்து மூலை கொஞ்சம் மாறியிருந்தது. சிரிப்புக்காரர் ப்ளைவுட்டை மூலையில் வைத்து அச்சு வெட்டச் சொன்னார். அதைத் தன் காரின் பின்சீட்டில் போட்டுக்கொண்டு பட்டறைக்குப் போனவர், கம்பி வளைந்து அச்சோடு பொருந்தும்வரை அங்கேயே ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தாராம். “என் மாமனார் வீட்டுலகூட அவ்வளவு நேரம் உட்கார்ந்ததில்ல மேடம்” என்று பிறகு சொன்னார்.

கீழே பள்ளி தொடங்கிவிட்டது. கூட்ட அறையில் பாய்கள் வரிசையாக விரிக்கப்பட்டிருந்தன. மேலே துளைபோடும் சத்தம் பாடவேளையில் வரக்கூடாது என்று ஏற்பாடு, ஒருநாள் வந்தது. தலைமையாசிரியை வெளியே வந்து மாடியை நோக்கி ஒரே ஒரு வார்த்தை கத்தினார். அதற்குப்பின் வரவில்லை.

கைப்பிடி முடிந்ததாகத் தகவல் வந்த அன்று அவள் தலைமையாசிரியையையும் கூட்டிக்கொண்டு போனாள். தடுப்புக் கதவு திறந்தது. தலைமையாசிரியை இடப்பக்கக் கம்பியைப் பிடித்து ஏறினார், வேகமாக இல்லை, அங்குலம் அங்குலமாக. தளத்தின் வளைவில் கை வழுக்கிக்கொண்டு திரும்பியது. மேல் முனையில் மேடு விரலில் பட்டது. அதே பக்கம் இறங்கி, மறுபக்கம் ஏறினார். பாதியில் நின்றார்.

“இங்கே குத்துது.”

அவள் குனிந்து பார்த்தாள். பற்றவைத்த இணைப்பு கண்ணுக்குச் சுத்தமாக இருந்தது. விரலை வைத்தபோதுதான் ஊசி முனைபோல ஒரு பிசிறு. வெல்டர் அரைக்கும் இயந்திரத்தைக் கொண்டுவந்து தேய்த்தார். தலைமையாசிரியை மறுபடி தடவினார். “ம்.” இன்னொரு இடத்தையும் காட்டினார். அதையும் தேய்த்தார்கள். மூன்றாவது சுற்றில் அவர் கை எங்கும் நிற்கவில்லை.

“இப்ப எழுதுங்க” என்றார் அவளிடம்.

நூலகத்தில் பாய்களை ஒதுக்கிவிட்டு நால்வரும் ஒரு சிறுவர் மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். செயலாளரின் முழங்கால் மேசைக்கு அடியில் போகவில்லை. பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்துகொண்டார். அவள் எழுதிக் கொண்டுவந்ததை உரக்கப் படித்தாள். முழுக் கட்டடமும் இன்றைய தேதியில் நடைமுறை நிறைவை அடைந்தது. கீழ்த்தளம் ஏற்கெனவே ஒப்படைக்கப்பட்ட தேதி மாறாது. இணைப்பில் உள்ள சிறு வேலைகள் கட்டடத்தின் உபயோகத்தைத் தடுக்காதவை. பட்டியலில் கைப்பிடி இல்லை.

“காலம்?” என்றார் செயலாளர். “உடனடியாகன்னு போடுங்க.”

“கூடிய விரைவில்னு இருக்கட்டுமே” என்றார் சிரிப்புக்காரர்.

“ரெண்டும் தேதி இல்ல” என்றாள் அவள். “ஜன்னல் கொக்கி, வலைமூடி, தோட்டத்துக் குழாய், இதுக்கெல்லாம் எவ்வளவு நாள் வேணும்? வாய்க்கு வந்ததைச் சொல்லாதீங்க. நிஜமாச் சொல்லுங்க.”

அவர் தாடையைத் தடவி யோசித்தார். “ரெண்டு வாரம்.”

“டீச்சர், ரெண்டு வாரம் சரியா?”

“கொக்கிக்குச் சரி. பெயிண்ட்டுக்குச் சரியில்ல. அந்த வாடையில பிள்ளைங்க தூங்க முடியாது. வாசனையை வெச்சு இடம் கண்டுபிடிக்கற பிள்ளைங்களுக்கு எல்லாம் குழம்பிப்போகும். விடுமுறையில அடிங்க.”

அப்படியே எழுதினாள். இன்று முதல் பதினான்கு நாளுக்குள் என்று மற்றவை. பெயிண்ட் மட்டும் அடுத்த விடுமுறையின் முதல் வாரம், தேதி போட்டு. வேலைக்கு வருபவர்கள் முந்தின நாளே பள்ளிக்குச் சொல்ல வேண்டும். நடைபாதையிலோ படியிலோ ஏணி, வாளி, கருவி எதையும் ஒரு நிமிஷமும் கீழே வைக்கக்கூடாது. அந்த வரியைத் தலைமையாசிரியை திரும்பப் படிக்கச் சொன்னார். “ஒரு நிமிஷமும்” என்பதை அழுத்திப் படிக்கச் சொன்னார்.

அடுத்து, குறித்த காலத்தில் முடிக்காவிட்டால் அறக்கட்டளை வேறு ஆளை வைத்து முடித்து அந்தச் செலவை மீதிப் பிடித்தத்தில் கழித்துக்கொள்ளலாம் என்ற வரி. சிரிப்புக்காரர் அதைக் கேட்டு முகத்தைச் சுளித்தார்.

“அப்புறம், நீங்க எழுதின கடைசி வாக்கியத்தை எடுத்துட்டேன்” என்றாள். “‘வேறு குறைகள் ஏதும் இல்லை’ன்னு நான் சொல்ல முடியாது. சுவருக்குள்ள இருக்கிற குழாய் எனக்குத் தெரியுமா? அதுக்குப் பதிலா, பட்டியலில் இல்லாததால் எந்தக் குறையும் ஏற்கப்பட்டதாக ஆகாதுன்னு போட்டிருக்கேன்.”

“நல்லாப் பார்த்துப் பார்த்து எழுதறீங்க மேடம். எனக்குன்னு ஒரு வரிகூட இல்லையா?”

“இருக்கே. இன்னையோட தாமதத் தொகை நிக்குது. முதல் வரியே உங்களுக்குத்தான்.”

காலக்கெடுவுக்குச் சிரிப்புக்காரரும் செயலாளரும் ஒப்புதல் கையெழுத்திட்டார்கள். சான்றிதழில் அவள் மட்டும்.

பதினான்கு நாளில் கொக்கிகள் வந்தன, தோட்டத்துக் குழாய் வந்தது, வலைமூடி மட்டும் வரவில்லை. அடுத்த நாளே தலைமையாசிரியை செயலாளரைப் பிடித்தார். வெளியாள் ஒருவர் வந்து வலைமூடியைப் பொருத்திவிட்டுப் போனார், செலவு கழிக்கப்பட்டது. சிரிப்புக்காரர் அவளைப் போனில் அழைத்துக் கத்தினார். ஒரு வலைமூடிக்கு இப்படியா, மனுஷத்தன்மை வேண்டாமா என்றார். கத்தி முடித்தபின், “செலவைக் கழிக்கிற அந்த வரியை எனக்கு அனுப்புங்க மேடம். பட்டறைக்காரனோட போடற ஒப்பந்தத்துல நானும் சேர்த்துக்கறேன்” என்றார். இப்போது சிரிப்பு திரும்பியிருந்தது.

தொழிற்பயிற்சிக் கூடத்தை அறக்கட்டளை வேறோர் ஆர்க்கிடெக்டிடம் கொடுத்தது. அதை அவள் செய்தித்தாளில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள். வருத்தம் இருந்தது. இரண்டு நாள் அதைப் பற்றியே பேசினாள். மூன்றாம் நாள் கணவனே, “போதும், பிழை திருத்தியாச்சு” என்றான்.

விடுமுறை முடிந்த வாரத்தில் பெயிண்ட் வேலையைச் சரிபார்க்கப் போனாள். மாடி நடைபாதையில் பூச்சு சீராக இருந்தது. குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது பின்னால் தடதடவென்று சத்தம். புதிதாகச் சேர்ந்த இரண்டு சிறுமிகள், ஆளுக்கொரு பக்கம் கம்பியைப் பிடித்தபடி, யார் முதலில் என்று பந்தயம் வைத்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். வளைவில் இருவர் கையும் கம்பியோடு வழுக்கித் திரும்பின. ஒருத்தி மற்றவளின் காலடிச் சத்தத்தை வைத்தே, “ஏய், நீ ரெண்டு படி தாண்டினே, ஏமாத்தாதே!” என்று கத்தினாள்.

கீழே தலைமையாசிரியையின் அறைக் கதவு திறந்தது.

“படியில யாரு ஓடறது?”

இரண்டு சிறுமிகளும் அப்படியே நின்றார்கள். மூச்சைக்கூட விடவில்லை.

“நின்னா தெரியாதுன்னு நினைப்பா? மேலே போய் நடந்து வாங்க. மெதுவா.”

அவர்கள் திரும்பி ஏறினார்கள். அவள் சுவரோரம் ஒதுங்கி வழிவிட்டாள். மேல் முனையில் மேடு விரலில் பட்டதும் இருவரும் நின்றார்கள், திரும்பினார்கள், கீழே கதவு மூடும் சத்தத்துக்காகக் காது கொடுத்தார்கள். மூடியது. மறுகணம் மறுபடி ஓடினார்கள்.